எழுபத்திரண்டு காரணிகள்: 9876543210-ஐ உடைத்துப் பார்ப்போம்

9876543210. ஒன்பதில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி சுழியத்தில் முடிகிற பத்து இலக்க எண். இதற்கு எத்தனை காரணிகள் என்று மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்பார் ஒருவர். ஏழு என்பார் இன்னொருவர். எழுபத்திரண்டு என்பார் மூன்றாமவர். மூன்று பேரும் பிழையில்லாமல்தான் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் மூன்று பேர் எண்ணியதும் ஒரே பொருளை அல்ல.

"காரணி" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு மூன்று அர்த்தங்களில் புழங்குவதால் வருகிற குழப்பம் இது. கூடவே இன்னொரு குழப்பமும் உண்டு. "வர்க்கமூலம் வரைக்கும் வகுத்துப் பார்த்தால் போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் போதும், எந்த எண்ணின் வர்க்கமூலம், அதைத் தாண்டி ஒரு காரணி இருந்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டால் பலருக்கும் விடை தடுமாறும். இந்தப் பத்து இலக்க எண்ணைக் கையால் உடைத்துப் பார்த்தால் இரண்டும் தெளிந்துவிடும்.

## முதலில் நாற்காலிகள்

உங்களிடம் 12 நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றுகூட மிஞ்சாமல் சம வரிசைகளாகப் போட வேண்டும். ஒரே வரிசையில் 12 போடலாம். இரண்டு வரிசையாக ஆறு ஆறு போடலாம். மூன்று வரிசையாக நாலு நாலு போடலாம். ஐந்து வரிசை போட முயன்றால் இரண்டு நாற்காலி மிஞ்சும். இப்படி மிச்சமில்லாமல் அமைகிற வரிசை எண்ணிக்கைகள்தான் 12-இன் காரணிகள்: 1, 2, 3, 4, 6, 12. அதாவது, ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கிற எண் அதன் காரணி.

இப்போது 13 நாற்காலிகள். ஒரே வரிசையில் போடலாம், அல்லது ஒவ்வொரு நாற்காலியையும் தனி வரிசையாக்கி 13 வரிசை போடலாம். வேறு வழியே இல்லை. இப்படி 1-ம் தானும் தவிர வேறு காரணி இல்லாத, 1-ஐ விடப் பெரிய எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று அது போகும். 1 இந்தப் பட்டியலில் சேராது. சேர்த்துவிட்டால் எந்த எண்ணோடும் எத்தனை முறை வேண்டுமானாலும் 1-ஐப் பெருக்கிக்கொண்டே போகலாம். நாம் செய்யப்போகிற வேலைக்கு முடிவே இருக்காது.

12-ஐ 2 × 6 என்று உடைக்கலாம். 6-ஐ 2 × 3 என்று இன்னும் உடைக்கலாம். ஆகவே 12 = 2 × 2 × 3. இதற்கு மேல் உடைக்க எதுவும் இல்லை. 3 × 4 என்று தொடங்கியிருந்தாலும் கடைசியில் இதே இரண்டு இரண்டுகளும் ஒரு மூன்றும்தான் கையில் நிற்கும். எந்த வழியாக உடைத்தாலும் முடிவில் கிடைக்கிற பகா எண்கள் மாறாது. பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் இந்த உண்மையைத் தெளிவாக எழுதி முழுமையாக நிறுவியவர் கணித மேதை காஸ். ஆண்டு 1801. பின்னால் காரணிகளை எண்ணும்போது இது நமக்குக் கட்டாயம் தேவைப்படும்.

ஓர் எண்ணை இப்படிப் பகா எண்களின் பெருக்கலாக எழுதுவது பகாக் காரணிப்படுத்தல்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். 12-க்குக் காரணிகள் ஆறு. அதன் பகாக் காரணிகள் 2, 3 என்ற இரண்டே. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

## சிறியதிலிருந்து தொடங்கினால் ஒரு லாபம்

பெரிய எண்ணை உடைக்க இருப்பதிலேயே எளிய வழி, 2-இல் தொடங்கி ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்ப்பது. மீதி சுழியமானால் அந்த எண் காரணி. அதை எழுதி வைத்துக்கொண்டு, வகுத்து வந்த ஈவை எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். மீதி வந்தால் அடுத்த எண்ணுக்கு நகர வேண்டும். இதுதான் வகுத்துப் பார்க்கும் முறை. வேறு எந்தத் தந்திரமும் இதில் இல்லை.

இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். வகுக்கிற எண் பகா எண்தானா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டாமா? வேண்டாம். சிறியதிலிருந்து தொடங்குவதன் லாபமே அதுதான்.

2-ஆல் வகுபடும்வரை வகுத்துத் தீர்த்த பிறகு கையில் இருப்பது ஒற்றைப்படை எண். அது இனிமேல் 4-ஆலோ 6-ஆலோ வகுபட வாய்ப்பே இல்லை. 3-ஐயும் அப்படியே தீர்த்துவிட்டால் 9, 15, 21 எல்லாம் தாமாகவே அடிபட்டுப் போகும். ஒரு பகு எண் (அதாவது இன்னும் உடைக்கக்கூடிய எண்) நம் முறைக்குள் வந்து நிற்கும் நேரத்தில், அதை உருவாக்கிய சிறிய பகா எண்கள் ஏற்கெனவே முழுவதும் வெளியேற்றப்பட்டிருக்கும். ஆகவே மீதியின்றி வகுக்கிற எண் எப்போதும் பகா எண்ணாகத்தான் இருக்கும்.

கையால் செய்யும்போது 4, 6, 9 போன்றவற்றைத் தாண்டிவிடுங்கள். அவற்றால் வகுத்துப் பார்த்தாலும் தவறில்லை, நேரம்தான் வீண். ஆனால் இந்த வாதம் முழுக்க "தீர்த்த பிறகு" என்ற இரண்டு சொற்களின் மேல் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை வகுத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனால் எல்லாம் கெட்டுவிடும். எப்படிக் கெடும் என்று கீழே ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

## எங்கே நிறுத்துவது

மறுபடி நாற்காலிகளுக்கு வருவோம். 36 நாற்காலிகளை 4 வரிசையாகப் போட்டால் வரிசைக்கு 9. அதையே பக்கவாட்டில் நின்று பார்த்தால் 9 வரிசை, வரிசைக்கு 4. ஆக, காரணிகள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். ஜோடியில் ஒன்று சிறியதாக இருந்தால் மற்றது பெரியதாக இருக்கும். இரண்டும் சமமாகிற இடம் 6 × 6. ஜோடியில் இரண்டுமே 6-ஐ விடப் பெரியதாக இருக்க முடியாது. அப்படி இருந்தால் பெருக்கல் 36-ஐத் தாண்டிவிடும்.

தன்னைத் தானே பெருக்கினால் 36 தருகிற எண் 6. அதனால் அது 36-இன் வர்க்கமூலம். ஓர் எண் உடையக்கூடியதென்றால், உடைந்த இரண்டு துண்டுகளில் சிறியது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. வர்க்கமூலம்வரை தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்த எண் உடையாது, அது பகா எண்.

இதை அவசரமாகப் படிப்பவர்கள் "பகாக் காரணிகள் எல்லாமே வர்க்கமூலத்துக்குள் இருக்கும்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. 14-இன் வர்க்கமூலம் 4-க்கும் குறைவு, ஆனால் 7 அதன் பகாக் காரணி. துண்டுகளில் ஏதாவது ஒன்று எல்லைக்குள் இருக்கும் என்பதுதான் உண்மை. மற்றது எவ்வளவு பெரியதாகவும் இருக்கலாம். எல்லைக்கு வெளியே அதிகபட்சம் ஒரே ஒரு பகாக் காரணிதான் இருக்க முடியும். இரண்டு இருந்தால் அவற்றின் பெருக்கலே மூல எண்ணைத் தாண்டிவிடும்.

இன்னொன்று, எந்த எண்ணின் வர்க்கமூலம்? தொடக்கத்தில் எடுத்த எண்ணினுடையது அல்ல. ஒவ்வொரு முறை வகுத்த பிறகும் *கையில் மிஞ்சியிருக்கிற* எண்ணின் வர்க்கமூலம். எண் சுருங்கச் சுருங்க எல்லையும் சுருங்கும். இந்த முறைக்கு வேகம் தருவது இதுதான்.

## இப்போது 9876543210

இதன் வர்க்கமூலம் 99380-ஐச் சற்றே தாண்டுகிறது. அதாவது வேலையைத் தொடங்கும்போது, தேட வேண்டிய எல்லை கிட்டத்தட்ட ஒரு லட்சம். மலைப்பாகத்தான் இருக்கும். தொடங்குவோம்.

கடைசி இலக்கம் 0. ஆகவே 2-ஆல் வகுபடும். ஈவு 4938271605. இது ஒற்றைப்படை எண், இத்தோடு 2 தீர்ந்தது.

அடுத்து 3. இலக்கங்களைக் கூட்டினால் 45 வருகிறது. இலக்கக் கூட்டல் 3-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். வகுத்தால் 1646090535. இதன் இலக்கக் கூட்டல் 39, இன்னொரு முறையும் 3-ஆல் வகுபடும். ஈவு 548696845. இதன் கூட்டல் 55, இனி வகுபடாது. ஆக 3 இரண்டு முறை வந்தது.

கடைசி இலக்கம் 5 என்பதால் 5-ஆல் ஒரு முறை வகுபடும். ஈவு 109739369. இப்போது எல்லை எங்கே இருக்கிறது பாருங்கள். 109739369-இன் வர்க்கமூலம் 10475 சொச்சம். நான்கே வகுத்தலில் எல்லை ஒரு லட்சத்திலிருந்து பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது.

7-ஆல் வகுத்தால் மீதி 5. 11-ஆல் வகுத்தால் மீதி 3. 13-ஆல் வகுத்தால் மீதி 12. மூன்றும் இல்லை. 17-ஆல் வகுத்தால் மீதி சுழியம், ஈவு 6455257. அங்கேயே நின்று மறுபடி 17-ஆல் வகுங்கள். மறுபடியும் மீதி சுழியம், ஈவு 379721. மூன்றாம் முறை வகுத்தால் மீதி 9. சரி, 17 இரண்டு முறை வந்து தீர்ந்தது.

கையில் இருப்பது 379721. 616 × 616 = 379456, 617 × 617 = 380689. ஆகவே புதிய எல்லை 616.

இங்கிருந்து பொறுமைதான் வேண்டும். 19-ஆல் வகுத்தால் மீதி 6. 23-ஆல் வகுத்தால் மீதி 14. இப்படியே பகா எண்களாக எடுத்துக்கொண்டு 613 வரை போக வேண்டும். 19-இலிருந்து 613 வரை 105 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையிலும் ஏதாவது ஒரு மீதி வரும். கடைசியான 613-இல் வருகிற மீதி 274. அடுத்த பகா எண் 617, அது எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே 379721 உடையாது. அது பகா எண்.

விடை இதுதான்:

9876543210 = 2 × 3² × 5 × 17² × 379721

3² என்பதில் மேலே இருக்கிற சிறிய 2 அடுக்கு. அந்தப் பகா எண் எத்தனை முறை வருகிறது என்பதை அது சொல்கிறது. அடுக்கு எழுதாத இடத்தில் அது 1.

முதலில் கேட்ட மூன்று பேரில் இரண்டு பேரின் கணக்கு இப்போது புரிந்துவிடும். 2, 3, 5, 17, 379721 என்று வேறுபட்ட பகாக் காரணிகளை எண்ணியவருக்கு ஐந்து கிடைத்தது. 3-ஐயும் 17-ஐயும் இரண்டிரண்டு முறை எண்ணியவருக்கு ஏழு. எழுபத்திரண்டுக்கு இன்னும் வரவில்லை.

## தப்பு நடக்கும் இரண்டு இடங்கள்

முதலாவது, கடைசியில் மிஞ்சியதை மறப்பது. 613 வரை போய், ஒன்றும் வகுபடவில்லை என்றதும், கிடைத்தவரை போதும் என்று 2 × 3² × 5 × 17² என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். இது எளிதில் பிடிபடும். கிடைத்ததை எல்லாம் திரும்பப் பெருக்கிப் பாருங்கள். 26010 வரும். மூல எண் வராது. அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. 17-ஆல் ஒரு முறை வகுத்துவிட்டு, 6455257-ஐ எடுத்துக்கொண்டு நேராக 19-க்குப் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லை 2540. அதுவரை ஒவ்வொரு பகா எண்ணாகப் பொறுமையாக வகுத்தாலும் எதுவும் வகுக்காது. ஏனென்றால் 6455257 என்பது 17 × 379721. அந்த 17-ஐ நீங்கள் தாண்டி வந்துவிட்டீர்கள், 379721 எல்லைக்கு மிக அப்பால் இருக்கிறது. ஆகவே 6455257 பகா எண் என்று முடிவு செய்து, 2 × 3² × 5 × 17 × 6455257 என்று எழுதிவிடுவீர்கள். திரும்பப் பெருக்கிப் பார்த்தால் 9876543210 அச்சு அசலாக வரும்! பெருக்கிச் சரிபார்ப்பது இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது.

காரணிகளை எண்ணும்போது விடை 48 என்று வரும், சரியான விடை 72. இதற்கு ஒரே மருந்து, மீதி வருகிறவரை அதே எண்ணிலேயே நிற்பது. சந்தேகம் இருந்தால், கடைசியில் மிஞ்சிய பெரிய எண்ணை ஏற்கெனவே கிடைத்த ஒவ்வொரு பகா எண்ணாலும் இன்னொரு முறை வகுத்துப் பாருங்கள்.

சுருக்கமாக: பெருக்கிப் பார்ப்பது ஏதாவது விடுபட்டதா என்று சொல்லும். துண்டுகள் எல்லாம் உண்மையிலேயே உடையாதவைதானா என்று அது சொல்லாது.

## இதையே நிரலாக எழுதினால்

கையால் செய்ததை வரிக்கு வரி பைதானில் எழுதலாம்.

```python
def factor(n):
    f = {}
    d = 2
    while d * d <= n:
        while n % d == 0:
            f[d] = f.get(d, 0) + 1
            n = n // d
        d = d + 1
    if n > 1:
        f[n] = f.get(n, 0) + 1
    return f
```

உள்ளே இருக்கிற இரண்டாவது `while` தான் "தீரும்வரை அங்கேயே நில்" என்பது. அதை `if` என்று எழுதிவிட்டால் மேலே சொன்ன இரண்டாவது தப்பைப் போன்றதே நடக்கும்: தீராமல் விட்ட 3-ம் 17-ம் சேர்ந்து, 51 என்ற பகு எண் விடைக்குள் நுழைந்துவிடும். கடைசி `if n > 1` என்பது மிஞ்சிய பகா எண்ணைச் சேர்க்கிறது. அதை விட்டால் முதல் தப்பு. `d * d <= n` என்ற வரியில் `n` சுருங்கிக்கொண்டே வருவதால் எல்லையும் தானாகச் சுருங்குகிறது. வர்க்கமூலத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு மாறியில் வைத்துக்கொள்கிற நிரல்களைப் பார்த்திருக்கிறேன். அவையும் சரியான விடைதான் தரும், ஆனால் இந்த எண்ணுக்கு 616-இல் நிற்க வேண்டிய வேலையை 99380 வரை இழுத்துக்கொண்டு போகும்.

வகுக்கிற இடத்தில் `//` என்று இரண்டு கோடுகள் இருப்பதையும் கவனியுங்கள். ஒற்றைக் கோடு போட்டால் பைதான் ஈவைத் தசம எண்ணாக மாற்றிவிடும். பத்து இலக்க எண்ணில் இது தொந்தரவு தராது. 9007199254740992-ஐத் தாண்டிய ஈவுகளில் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிப்போகும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது, விடை மட்டும் தப்பாக இருக்கும்.

## எண் பூட்டைப் போல எண்ணுவது

இப்போது எழுபத்திரண்டுக்கு வருவோம். எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

பெட்டிகளுக்குப் போடுகிற எண் பூட்டைப் பார்த்திருப்பீர்கள். சில சக்கரங்கள் இருக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருப்பலாம். ஒரு சக்கரத்தில் 2 நிலைகளும் இன்னொன்றில் 3 நிலைகளும் இருந்தால் மொத்தம் 2 × 3 = 6 விதமாகப் பூட்டை வைக்கலாம். முதல் சக்கரம் எந்த நிலையில் இருந்தாலும் இரண்டாவது சக்கரத்துக்கு மூன்று வாய்ப்புகளும் உண்டு. அதனால்தான் பெருக்குகிறோம்.

ஓர் எண்ணின் காரணியும் இப்படி வைத்த ஒரு பூட்டுதான். 9876543210-ஐ மீதியின்றி வகுக்கிற எண்ணுக்குள் என்னென்ன பகா எண்கள் இருக்கலாம்? மூல எண்ணில் இருப்பவை மட்டுமே, அதில் இருப்பதை விட அதிகமாகாமல். வெளியிலிருந்து ஒரு 7 வர முடியாது. மூன்றாவதாக ஒரு 17 வர முடியாது. ஆகவே ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு சக்கரம். 2-இன் சக்கரத்தில் 0, 1 என்று இரண்டு நிலைகள்: ஒன்று 2-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒரு முறை எடுக்கலாம். 3-இன் சக்கரத்தில் 0, 1, 2 என்று மூன்று நிலைகள். 5-க்கு இரண்டு. 17-க்கு மூன்று. 379721-க்கு இரண்டு.

2 × 3 × 2 × 3 × 2 = 72.

விதி இதுதான்: ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். அந்த 1, "எடுக்காமல் விடுவது" என்ற வாய்ப்புக்காக. அதை மறந்து அடுக்குகளை மட்டும் பெருக்கினால் 1 × 2 × 1 × 2 × 1 = 4 என்று வரும். அதில் 1 என்ற காரணிக்கே இடம் இருக்காது. ஏனென்றால் எல்லாச் சக்கரங்களும் 0-இல் நிற்கும்போது கிடைக்கிற காரணிதான் 1. எல்லாமே உச்ச நிலையில் நின்றால் கிடைப்பது 9876543210.

நம்பிக்கை வரவில்லை என்றால் சின்னதாகத் தொடங்கிப் பார்க்கலாம். முதல் மூன்று சக்கரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 2 × 3² × 5 = 90. விதிப்படி 2 × 3 × 2 = 12 காரணிகள். கையால் எழுதினால் 1, 2, 3, 5, 6, 9, 10, 15, 18, 30, 45, 90. பன்னிரண்டேதான். இப்போது 17-இன் சக்கரத்தைச் சேருங்கள். இந்தப் பன்னிரண்டையும் அப்படியே வைக்கலாம், ஒவ்வொன்றையும் 17-ஆல் பெருக்கலாம், அல்லது 289-ஆல் பெருக்கலாம். பன்னிரண்டு முப்பத்தாறாகிறது. அந்த முப்பத்தாறையும் அப்படியே வைத்தும் 379721-ஆல் பெருக்கியும் எழுதினால் எழுபத்திரண்டு.

இரண்டு வேறு அமைப்புகள் ஒரே எண்ணைத் தந்துவிட்டால் ஒரு காரணியை இரண்டு முறை எண்ணிவிடுவோமே என்று கேட்கலாம். அங்கேதான் காஸ் நிறுவிய உண்மை உதவுகிறது. ஓர் எண்ணை ஒரே விதமாகத்தான் பகா எண்களாக உடைக்க முடியும். ஆகவே வேறு வேறு அமைப்புகள் வேறு வேறு எண்களையே தரும்.

எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு சின்ன அடையாளமும் உண்டு. காரணிகள் ஜோடியாக வரும் என்று பார்த்தோம். அதனால் எண்ணிக்கை பெரும்பாலும் இரட்டைப்படையாகவே வரும். 36 போன்ற முழு வர்க்க எண்களில் மட்டும் 6 தனக்குத் தானே ஜோடியாகிவிடுவதால் ஒற்றைப்படை எண்ணிக்கை வரும் (36-க்கு 9 காரணிகள்). முழு வர்க்கம் அல்லாத எண்ணுக்கு ஒற்றைப்படை விடை வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. 48 என்ற தவறான விடை இதில் தப்பித்துவிடும் என்பதால் இதை மட்டுமே நம்பியும் இருக்க முடியாது.

இந்த எழுபத்திரண்டு காரணிகளில் ஒன்றைக்கூட நாம் தேடிப் போகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 1 முதல் 99380 வரை ஒவ்வொன்றாக வகுத்து ஜோடிகளை எண்ணியிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும், 36 ஜோடிகள். அதற்குப் பதிலாக 613 வரை இருக்கிற 112 பகா எண்களையும் ஐந்து சிறிய எண்களின் பெருக்கலையும் வைத்தே முடித்துவிட்டோம்.

## பத்து இலக்கம் சுலபம், ஒன்பது இலக்கம் கடினம்

பெரிய எண் என்றால் உடைக்கக் கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. இலக்கங்களை ஏறுவரிசையில் அடுக்கிய 123456789-ஐ எடுத்துக்கொள்வோம். ஒன்பதே இலக்கம், முந்தைய எண்ணில் எண்பதில் ஒரு பங்கு.

3-ஆல் இரண்டு முறை வகுபடும். மிஞ்சுவது 13717421, அதன் எல்லை 3703. இனி 5 இல்லை, 7 இல்லை, 11 இல்லை. 613 தாண்டியும் இல்லை. ஆயிரம் தாண்டியும் இல்லை, மூவாயிரம் தாண்டியும் இல்லை. எல்லைக்குக் கிட்டே வந்துவிட்டோம், இது பகா எண்தான் போலிருக்கிறது என்று பேனாவை வைக்கத் தோன்றும் நேரத்தில், 3607-இல் மீதி சுழியம் வருகிறது. 3607 என்பது 504-ஆவது பகா எண். ஈவு 3803. அடுத்து எதையும் சோதிக்க வேண்டாம், 3803-இன் வர்க்கமூலம் 62-க்கும் குறைவு, அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டோம். ஆகவே அதுவும் பகா எண்.

123456789 = 3² × 3607 × 3803. காரணிகள் 3 × 2 × 2 = 12.

எண்பது மடங்கு சிறிய எண்ணுக்கு நாலு மடங்குக்கு மேல் வேலை. காரணம் என்ன? இந்த முறையில் நாம் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை எண்ணின் நீளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பகாக் காரணிகளில் *இரண்டாவது பெரியது* எது என்று பாருங்கள். அதுவரை கட்டாயம் நடக்க வேண்டும். அதன் பிறகு மிஞ்சுவது மிகப் பெரிய பகாக் காரணி மட்டுமே, அது உடையாது என்று உறுதி செய்ய அதன் வர்க்கமூலம்வரை போயிருக்க வேண்டும். இந்த இரண்டில் எது பெரியதோ அதுதான் நடை தூரம். முதல் எண்ணில் 17, 616 என்ற இரண்டில் 616. இரண்டாவதில் 3607, 61 என்ற இரண்டில் 3607.

அதனால்தான் 2-ஐ ஆயிரம் முறை பெருக்கி வருகிற 302 இலக்க எண்ணை மேலே எழுதிய சின்ன நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும். காரணிகள் 1001 என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் 20 இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கி வருகிற 40 இலக்க எண்ணைக் கொடுத்தால் அதே நிரல் திணறும். கணினி ஒரு விநாடிக்கு நூறு கோடி முறை வகுத்துப் பார்க்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 20 இலக்கக் காரணிகளில் சிறியதே பத்து லட்சம் கோடி கோடிக்குப் பக்கத்தில் இருந்தால், அங்கே போய்ச் சேர 3000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த எண்ணுக்கு மொத்தக் காரணிகள் நாலே நாலுதான் என்றாலும்.

இணையத்தில் ரகசியத் தகவல்களைக் காக்கிற ஆர்எஸ்ஏ பூட்டு இந்தத் திணறலை நம்பித்தான் இருக்கிறது. அதில் வேண்டுமென்றே இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி வைக்கிறார்கள், இரண்டாவது பெரிய காரணியும் பிரம்மாண்டமாக இருக்கும்படி. அத்தகைய எண்களில் ஒன்றான, 250 இலக்கங்கள் கொண்ட ஆர்எஸ்ஏ-250, 2020-ஆம் ஆண்டில்தான் உடைந்தது. வகுத்துப் பார்த்து உடைக்கவில்லை. முற்றிலும் வேறான சல்லடை முறை ஒன்றைக் கொண்டு, பல கணினிகளைச் சேர்த்து இயக்கினார்கள். ஒரே ஒரு செயலி உள்ளகம் தனியாகச் செய்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் அளவுக்கு வேலை. கிடைத்தவை 125 இலக்கப் பகா எண்கள் இரண்டு.